கேடிபியின் ஏஐ கேள்விக்கு என்ன பதில் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபியில் புத்தகம் ஏற்றும் எழுத்தாளர்களுக்கு உதவி வருகிறேன். வடிவமைப்பு, அட்டை, விலை எல்லாம் முடிந்த பிறகு அநேகமாக எல்லாரும் தயங்கி நிற்பது ஒரே இடத்தில்தான்: ஏஐ பற்றிய கேள்வி. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் வருவதில்லை. எது உண்மையான பதில் என்று தெரியாமல்தான் நிற்கிறார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

புத்தகம் ஏத்தும்போது ஏஐ பத்தி ஒரு கேள்வி வருதே, அது எதுக்கு? எப்ப இருந்து கேக்கறாங்க?

2023 செப்டம்பரிலிருந்து கேட்கிறார்கள். புத்தகம் ஏற்றுவதற்கு மூன்று பக்கங்கள் உண்டு: விவரம், உள்ளடக்கம், விலை. இரண்டாவது பக்கத்தில் `AI-Generated Content` என்ற தலைப்பில் இந்தக் கேள்வி இருக்கும். எழுத்து, படம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றை உருவாக்க ஏஐ கருவியைப் பயன்படுத்தினீர்களா என்பதே கேள்வி. `No` என்றால் அதோடு முடிந்தது. `Yes` என்றால் எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, மொழிபெயர்ப்புக்கு ஒன்று என்று மூன்று தனித்தனிப் பட்டியல்கள் விரியும். எவ்வளவு பகுதி, அதை எவ்வளவு திருத்தினீர்கள் என்று ஒவ்வொன்றிலும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றும் தனித்தனி என்பதை மனதில் வையுங்கள். எழுத்தில் ஏஐ இல்லை, அட்டையில் மட்டும் உண்டு என்றால் அதை அப்படியே சொல்ல இந்தப் படிவத்தில் இடம் இருக்கிறது. "முழுப் புத்தகமும் ஏஐ என்று ஆகிவிடுமே" என்று பயந்து `No` போடுபவர்கள் பலர், அந்தப் பட்டியல்களை ஒருமுறையும் திறந்து பார்க்காதவர்கள்.

ஆமான்னு போட்டா புத்தகத்த நிராகரிச்சிடுவாங்களா?

அந்த ஒரு காரணத்துக்காக நிராகரிக்க மாட்டார்கள். ஏஐ உருவாக்கிய உள்ளடக்கத்தைக் கேடிபி தடை செய்யவில்லை, தெரிவிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். பிறருடைய காப்புரிமையை மீறுவது, வாசகரை ஏமாற்றும் தலைப்பு, படிக்கவே முடியாத தரம் போன்றவைதான் நிராகரிப்புக்குக் காரணமாகும். அந்த விதிகள் கையால் எழுதிய புத்தகத்துக்கும் இதே அளவில் பொருந்தும்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஏஐ கொடுத்த பகுதியில் வேறு யாருடைய எழுத்தோ படமோ கலந்திருந்தால், அது உங்களுக்குத் தெரியாமல் நடந்திருந்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான். "கருவி கொடுத்தது, நான் என்ன செய்வேன்" என்ற விளக்கத்துக்கு விதியில் இடமில்லை.

நான் ஆமான்னு சொன்னது வாசகருக்குத் தெரியுமா?

நீங்கள் படிவத்தில் சொல்லும் பதில் அமேசானுக்குப் போகிறது. புத்தகத்தின் விற்பனைப் பக்கத்தில் அது காட்டப்படுவதில்லை. ஆகவே விற்பனை விழுந்துவிடும் என்ற கணக்கில் உண்மையை மறைப்பதற்குக் காரணமே இல்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. படிவத்தை நேர்மையாக நிரப்பியதாலேயே வாசகரிடமும் சொன்னதாக ஆகிவிடாது. அதைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது.

எழுத்துப்பிழை, சந்திப்பிழை பார்க்க மட்டும்தான் ஏஐ-கிட்ட குடுத்தேன். இதையும் சொல்லணுமா?

வேண்டாம். கேடிபி இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஏஐ உருவாக்கியது ஒரு வகை, ஏஐ உதவியது இன்னொரு வகை. உள்ளடக்கத்தை நீங்களே எழுதி, பிழை பார்க்கவும் செம்மைப்படுத்தவும் மட்டும் கருவியைப் பயன்படுத்தினால் அது இரண்டாவது வகை. அதைத் தெரிவிக்கத் தேவையில்லை. `No` என்றே போடலாம், அதுதான் உண்மையான பதிலும் கூட.

முதல் வரைவு ஏஐ எழுதினதுதான், ஆனா நான் உட்கார்ந்து முக்கால்வாசி மாத்திட்டேன். இப்ப அது என் எழுத்துதானே?

கேடிபியின் விதிப்படி அது ஏஐ உருவாக்கியதுதான். பின்னால் எவ்வளவு கணிசமாகத் திருத்தினாலும் அந்த வகை மாறாது என்று விதியிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். உழைத்ததால் அது தன்னுடையது என்று தோன்றுகிறது. அந்த உணர்வு நியாயமானதுதான். ஆனால் படிவம் உங்கள் உழைப்பை அளக்கவில்லை. இந்த வரி முதன்முதலில் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே கேட்கிறது.

உங்கள் உழைப்பைச் சொல்வதற்கும் அங்கே இடம் இருக்கிறது. எழுத்துப் பட்டியலில் `Some sections, with extensive editing` என்றும் `Entire work, with extensive editing` என்றும் தேர்வுகள் உண்டு. திருத்தமே இல்லாமல் ஏற்றியவரும் வாரக்கணக்கில் உட்கார்ந்து திருத்தியவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டியதில்லை.

கதைக்கு என்ன திருப்பம் வைக்கலாம்னு மட்டும் கேட்டேன். எழுதினது நான்தான்.

அப்படியானால் தெரிவிக்க வேண்டாம். யோசனை கேட்பதும், தலைப்புகள் கேட்டுப் பார்ப்பதும், அத்தியாய வரிசையைப் பற்றிக் கருத்துக் கேட்பதும், எழுத்தை நீங்களே உருவாக்கும் வரை, உதவி என்ற வகையில்தான் வரும்.

ஆனால் ஓர் இடத்தில் கவனம் தேவை. அபுனைவு எழுதுகிறவர்கள் ஏஐயிடம் அத்தியாயச் சுருக்கம் கேட்பார்கள். அது பத்துப் பதினைந்து முழு வாக்கியங்களாக வரும். அந்த வாக்கியங்களை ஆவணத்தில் ஒட்டி, நடுநடுவே தாங்கள் எழுதி நிரப்பிக்கொண்டே போவார்கள். கடைசியில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கமும் முடிவும் ஏஐ எழுதிய வரிகளாகவே தங்கிவிடும். யோசனையாக வந்தது எழுத்தாக மாறுவது இப்படித்தான். ஏஐ கொடுத்த குறிப்பைத் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டு, அதை மூடிவிட்டு எழுத உட்காருங்கள். அந்த ஒரு பழக்கம் இருந்தால் இந்தச் சந்தேகமே எழாது.

நான் எழுதின பத்தியக் குடுத்து "நல்லா மாத்தி எழுது"ன்னேன். இது உதவியா, உருவாக்கமா?

இதுதான் உண்மையிலேயே கடினமான கேள்வி. விதியில் இருப்பது செம்மைப்படுத்துதல், மேம்படுத்துதல் என்ற சொற்கள்தான். எல்லை எங்கே என்று அளந்து சொல்லவில்லை. நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். உங்கள் பத்தியையும் அது திருப்பிக் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வந்திருப்பதில் நீங்கள் சொல்லாத செய்தி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. நீங்கள் எழுதியது: "அவள் கடிதத்தைப் படித்தாள். பதில் எழுத வேண்டாம் என்று முடிவு செய்தாள்." திரும்பி வந்தது: "கடிதத்தைப் படித்து முடித்ததும், பதில் எழுதப் போவதில்லை என்று முடிவெடுத்தாள்." இரண்டு வாக்கியம் ஒன்றாகியிருக்கிறது, சொல் ஒன்றிரண்டு மாறியிருக்கிறது, செய்தி அதேதான். இது செம்மைப்படுத்தல். இன்னொரு விதமாக இப்படித் திரும்பி வருகிறது என்று வையுங்கள்: "நடுங்கும் விரல்களால் கடிதத்தைப் பிரித்தாள். வெளியே மழை வலுத்தது. தந்தையின் கையெழுத்தைப் பார்த்ததும் பழைய வீடு நினைவுக்கு வந்தது. இந்த முறை பதில் எழுதப் போவதில்லை." நடுங்கும் விரல், மழை, தந்தை, பழைய வீடு எதுவும் உங்களுடையதல்ல. கதையில் புதிதாக ஒரு தந்தை வந்துவிட்டார். இதை ஏற்றுக்கொண்டால், அந்தப் பகுதி ஏஐ உருவாக்கியது.

இப்படி ஓரிரு பத்திகள் மட்டும் என்றால் அவற்றை நீங்களே மறுபடி எழுதிவிடுவது எளிது. பல அத்தியாயங்களில் பரவியிருந்தால் "சில பகுதிகள்" என்று தெரிவித்துவிடுங்கள். எந்தப் பக்கம் விழும் என்று தெரியாத இடத்தில் தெரிவிப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். தேவையில்லாமல் தெரிவித்ததால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. தெரிவிக்க வேண்டியதை மறைத்திருந்தால் பின்னாளில் அதை விளக்குவது கடினம்.

அட்டைப்படம் மட்டும்தான் ஏஐ. அதுவும் கணக்குல வருமா?

வரும். அட்டையும் உள்ளே இருக்கும் படங்களும் இரண்டுமே படம் என்ற பட்டியலுக்குள் அடங்கும். பின்னணி ஓவியத்தை ஏஐயிடம் வாங்கி, அதன் மேல் தலைப்பையும் பெயரையும் நீங்களே பொருத்தியிருந்தாலும் அது ஏஐ உருவாக்கிய படம்தான். முதல் கேள்வியில் சொன்னபடி எழுத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் `None` போட்டு, படத்துக்கு மட்டும் உரியதைத் தேர்ந்தெடுங்கள்.

நீங்களே எடுத்த புகைப்படத்தில் வெளிச்சம் கூட்டுவதும், தேவையற்ற கோடுகளை நீக்குவதும் வேறு. மூலப்படம் உங்களுடையது, கருவி அதைச் சீராக்கியிருக்கிறது. ஆனால் அதே புகைப்படத்தில் இல்லாத கோட்டையையும் குதிரையையும் ஏஐ வரைந்து சேர்த்தால், முந்தைய கேள்வியில் பார்த்த தந்தையின் கதைதான் இங்கேயும்.

அட்டை செஞ்சது வேற ஒருத்தர். அவர் என்ன பண்ணினார்னு எனக்கு எப்படித் தெரியும்?

கேட்டால்தான் தெரியும். கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். வேலையை ஒப்படைக்கும்போதே "ஏஐ பயன்படுத்துவதாக இருந்தால் எந்தக் கருவி, எந்தப் பகுதி என்று சொல்லிவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், படிவத்தில் கேட்கிறார்கள் என்றாலே நல்ல வடிவமைப்பாளர்கள் புரிந்துகொள்வார்கள்.

வடிவமைப்பாளருக்கே தெரியாமல் போகும் வழியும் ஒன்று உண்டு. படங்கள் விற்கும் தளங்களிலிருந்து வாங்கிய படமே ஏஐ உருவாக்கியதாக இருக்கலாம். அடோபி ஸ்டாக் போன்ற தளங்கள் அப்படிப்பட்ட படத்தின் பக்கத்தில் அதைக் குறிப்பிடுகின்றன. படத்தின் எண்ணையோ சுட்டியையோ வாங்கி அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடுக்குகள் கலையாத மூலக்கோப்பைக் கேட்டு வாங்குவதும் நல்லது, எது எங்கிருந்து வந்தது என்பது அதில் தெரியும்.

என் தமிழ் நாவல இங்கிலீஷ்ல மாத்த ஏஐ பயன்படுத்தினேன். கதை என்னுதுதானே, இத ஏன் சொல்லணும்?

கதை உங்களுடையது, ஆங்கில வாக்கியங்கள் கருவியுடையவை. அதனால்தான் மொழிபெயர்ப்புக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பை ஏஐ செய்து நீங்கள் வரிக்கு வரி திருத்தியிருந்தால், எழுத்துக்கு `None`, மொழிபெயர்ப்புக்கு முழுப் படைப்பும், பெருமளவு திருத்தத்துடன் என்ற தேர்வு. இந்தப் பதிலைப் படிக்கும் எவருக்கும் மூலம் உங்களுடையது என்பது தெளிவாகவே தெரியும்.

நீங்களே மொழிபெயர்த்து, சில சொற்களுக்கு மட்டும் இணைச்சொல் தேடக் கருவியைக் கேட்டிருந்தால் அது உதவிதான். பிறர் எழுதிய நாவலை ஏஐ மூலம் மொழிபெயர்த்து வெளியிடுவது பற்றியும் கேட்கிறார்கள். அங்கே ஏஐ கேள்விக்கு முன்பே வேறொரு கேள்வி நிற்கிறது: மூல ஆசிரியரிடமோ உரிமையாளரிடமோ எழுத்துப்பூர்வமான அனுமதி இருக்கிறதா? அது இல்லையென்றால் படிவத்தை எவ்வளவு சரியாக நிரப்பினாலும் அந்தப் புத்தகத்தை வெளியிடக் கூடாது.

"சிறிதளவு திருத்தம்", "பெருமளவு திருத்தம்"னு கேக்கறாங்க. எத்தனை சதவீதம்னா பெருமளவு?

சதவீதம் எதையும் அவர்கள் குறிப்பிடவில்லை. சொல்லெண்ணிக்கையை வைத்து நீங்களாக ஒரு கணக்குப் போடவும் வேண்டாம். நான் பார்ப்பது திருத்தத்தின் தன்மையை. எழுத்துப்பிழை, ஒருமை பன்மை, மீண்டும் மீண்டும் வரும் சொற்கள் ஆகியவற்றை மட்டும் சரிசெய்திருந்தால் அது சிறிதளவு. தவறான தகவலை நீக்கி, வாதத்தின் வரிசையை மாற்றி, பத்திகளை எறிந்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தால் பெருமளவு. இரண்டுக்கும் நடுவில் நின்றால், குறைவான பெருமையைத் தரும் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் கலந்து இருக்கு. ஒரு முழுப் புத்தகத்துக்கு எப்படி நிரப்புறதுன்னு காட்டுங்களேன்.

ஒரு கற்பனைப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். தூக்கத்தைப் பற்றிய அபுனைவு நூல், 14 அத்தியாயங்கள். 11 அத்தியாயங்களை ஆசிரியரே எழுதி, பிழைதிருத்தத்துக்கு மட்டும் ஏஐயிடம் கொடுத்தார். 3, 9 ஆகிய அத்தியாயங்களின் முதல் வரைவை ஏஐயிடம் வாங்கி, தகவல்களைச் சரிபார்த்துப் பாதிக்கு மேல் மாற்றி எழுதினார். கடைசி அத்தியாயம் கேள்வி பதில் பகுதி. அதை ஏஐயிடம் வாங்கி, பிழை மட்டும் பார்த்து அப்படியே வைத்தார். அட்டையை வடிவமைப்பாளர் மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் உருவாக்கிய ஓவியத்தை வைத்துச் செய்தார். உள்ளே இரண்டு வரைபடங்கள், அவற்றை ஆசிரியரே வரைந்தார். மொழிபெயர்ப்பு இல்லை.

முதல் பதில் `Yes`. எழுத்தில் "சில பகுதிகள்" என்பதில் சந்தேகமில்லை, ஏனெனில் 14-இல் 3 மட்டும்தான். திருத்தம்தான் சிக்கல். இரண்டு அத்தியாயங்களில் பெருமளவு, ஒன்றில் சிறிதளவு. தேர்வு ஒன்றைத்தான் எடுக்க முடியும். இங்கே இரண்டு வழிகள் உண்டு. முந்தைய பதிலில் சொன்னபடி `Some sections, with minimal or no editing` என்று எடுக்கலாம். அல்லது வெளியிடும் முன் கேள்வி பதில் பகுதியையும் உட்கார்ந்து சரியாகத் திருத்திவிட்டு, `Some sections, with extensive editing` என்று எடுக்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். உடல்நலம் சார்ந்த நூலில் சரிபார்க்காத பதில்களை அப்படியே விடுவது படிவத்துக்கு அப்பாலும் தவறு. படத்தில் அட்டைக்காக "ஒன்று அல்லது சில" என்ற தேர்வு, வடிவமைப்பாளர் ஓவியத்தை எவ்வளவு மாற்றினார் என்பதைக் கேட்டு உரிய திருத்த அளவு. வரைபடங்கள் கணக்கில் வராது. மொழிபெயர்ப்பு `None`. எந்தக் கருவி என்று கேட்கும் இடத்தில் உண்மையில் பயன்படுத்தியதன் பெயரை எழுதுங்கள். பிழைதிருத்தத்துக்கு மட்டும் பயன்பட்ட கருவியை அங்கே சேர்க்க வேண்டாம்.

இந்தப் பதில்களை ஐந்து நிமிடத்தில் எழுத முடிந்ததற்குக் காரணம், எந்த அத்தியாயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்ததுதான். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எடுக்க முயன்றால் முடியாது. எழுதத் தொடங்கும்போதே ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள்: அத்தியாயம், ஏஐ எதற்குப் பயன்பட்டது, எந்தக் கருவி, எந்தத் தேதி, நீங்கள் என்ன மாற்றினீர்கள். அவ்வளவு போதும்.

2021-ல போட்ட புத்தகம் இருக்கு. அதுக்கும் இப்ப போய்ச் சொல்லணுமா?

புதிய புத்தகம் வெளியிடும்போதும், பழைய புத்தகத்தைத் திருத்தி மறுபடி வெளியிடும்போதும்தான் தெரிவிக்கச் சொல்கிறார்கள். பழைய நூலைத் தொடாமல் விட்டிருந்தால் அதற்கென்று தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். அதே நூலுக்கு இப்போது ஏஐ உருவாக்கிய புதிய அட்டை போடுகிறீர்கள் என்றால், அப்போது கேள்வி உங்களுக்கும் உண்டு.

இல்லைன்னு போட்டா எப்படிக் கண்டுபிடிப்பாங்க? அதுக்குத்தான் கருவி எதுவும் சரியா இல்லையே?

எழுத்தைப் பார்த்து ஏஐயா என்று சொல்லும் கருவிகளை நம்ப முடியாது என்பது உண்மைதான். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் அது இன்னும் மோசமாக வேலை செய்தது.

ஆனால் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் கருவியிடம் மாட்டுவதில்லை. "நீங்கள் கேட்டபடி அத்தியாயத்தை விரிவாக்கியிருக்கிறேன்" என்ற வரி புத்தகத்தின் நடுவிலேயே தங்கிவிடுகிறது. இல்லாத ஆய்வு ஒன்று மேற்கோளாக வருகிறது. கதாபாத்திரத்தின் பெயர் ஏழாம் அத்தியாயத்தில் காரணமில்லாமல் மாறுகிறது. அட்டைப்படத்தில் இருப்பவருக்கு ஆறு விரல். வாசகர் ஒருவர் விமர்சனத்தில் அதைப் படத்தோடு போடுகிறார். அதற்குப் பிறகு படிவத்தில் சொன்ன `No` உங்களுக்கு எதிராக நிற்கும். விதிமீறல் என்று முடிவானால் ஒரு புத்தகம் நீக்கப்படுவதோடு நிற்காமல் கணக்கே மூடப்படலாம். அந்தக் கணக்கில் உங்கள் கையால் எழுதிய மற்ற நூல்களும் இருக்கும்.

உல்டாவா கேக்கறேன். நானே எழுதினதுக்கு ஏஐன்னு பழி போட்டா என்ன பண்றது?

வரைவுகள்தான் உங்கள் சாட்சி. கூகுள் டாக்ஸில் எழுதினால் பதிப்பு வரலாறு தானாகவே சேமிக்கப்படும். வேர்டில் எழுதுபவர்கள் ஒவ்வோர் அத்தியாயம் முடியும்போதும் தேதியோடு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கையெழுத்துக் குறிப்பேடு இருந்தால் எறியாதீர்கள். அட்டைக்கு முன்பே சொன்ன மூலக்கோப்பு. தளத்திலிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் கோபமாக எழுதாமல், எது எப்போது எழுதப்பட்டது என்று வரிசையாகச் சொல்லி இவற்றை இணைத்து அனுப்புங்கள்.

புத்தகத்துக்குள்ளயும் ஏஐ பயன்படுத்தினதா எழுதணுமா?

கேடிபி கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் எழுத்து அல்லது மொழிபெயர்ப்பு ஏஐ உருவாக்கியது என்றால் எழுதுங்கள் என்றே சொல்வேன். மேலே சொன்னபடி படிவத்தின் பதில் வாசகருக்குப் போய்ச் சேர்வதில்லை. பணம் கொடுத்து வாங்குகிறவர் அவர்தான். நீளமான தன்னிலை விளக்கம் வேண்டாம், உரிமைப் பக்கத்தில் இரண்டு வரி போதும். மேலே பார்த்த தூக்க நூலுக்கு இப்படி எழுதலாம்: "இந்நூலின் 3, 9, 14 ஆகிய அத்தியாயங்களின் முதல் வரைவு ஏஐ கருவியால் உருவாக்கப்பட்டு, ஆசிரியரால் சரிபார்க்கப்பட்டுத் திருத்தி எழுதப்பட்டது. அட்டை ஓவியம் ஏஐ உருவாக்கியது."

"நவீனத் தொழில்நுட்பத்தின் துணையுடன் உருவான நூல்" என்பது போன்ற வரிகளைத் தவிர்த்துவிடுங்கள். எழுதாமல் விடுவதைவிட மோசம் அது. சொன்னது போலவும் இருக்கும், எதுவும் சொல்லியிருக்காது.

கேடிபில சொல்லிட்டேன். காப்புரிமை பதிவுக்கும், மத்த தளங்களுக்கும் அதுவே போதுமா?

போதாது. ஒவ்வொன்றும் தனி. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்பவர்களுக்கு 2023 மார்ச்சில் வழிகாட்டுதல் வந்தது. சொற்ப அளவுக்கு மேல் ஏஐ உருவாக்கிய பகுதி இருந்தால் விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டு, உரிமை கோரும் பகுதியிலிருந்து விலக்க வேண்டும். அதற்கு முந்தைய மாதம், ஏஐ படங்களோடு வந்த ஒரு படக்கதையின் பதிவை அந்த அலுவலகம் மாற்றியமைத்தது: ஆசிரியர் எழுதிய உரைக்கும், உரையையும் படங்களையும் அவர் தேர்ந்து அடுக்கிய முறைக்கும் பாதுகாப்பு உண்டு, தனித்தனிப் படங்களுக்கு இல்லை. ஆக, கேடிபியில் `Yes` போட்டதால் உங்கள் உரிமை போய்விடாது. ஆனால் ஏஐ கொடுத்ததை அப்படியே வைத்த பகுதிக்கு உரிமை கோருவது அங்கே கடினம்.

மற்ற தளங்களில் ஏற்றும்போது அந்தந்த விதிப்பக்கத்தைத் திறந்து படியுங்கள். ஒலிநூலில் ஒரு தனி வித்தியாசம் உண்டு. கேடிபியின் இயந்திரக் குரல் வசதியில் உருவான ஒலிநூல்களுக்கு, வாசித்தவர் பெயர் வரும் இடத்தில் `Virtual Voice` என்று வாங்குபவர் கண்ணில் படும்படியே போடுகிறார்கள். அங்கே மறைக்கவோ சொல்லவோ உங்களிடம் விடவில்லை.

பன்னிரண்டு பேர் எழுதின சிறுகதைத் தொகுப்பு. ஒருத்தர் ஏஐல எழுதிட்டு எங்கிட்ட சொல்லலைன்னா?

ஏற்றுகிறவர் நீங்கள், ஆகவே தளத்தின் முன் நிற்பதும் நீங்கள்தான். அதனால் கதை கேட்கும் அறிவிப்பிலேயே விதியைச் சொல்லிவிடுங்கள். "ஏஐ பயன்படுத்தினீர்களா" என்று மொத்தமாகக் கேட்டால் பிழைதிருத்தம் செய்தவரும் ஆமாம் என்பார், மாற்றி எழுத வைத்தவரும் இல்லை என்பார். கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள்: கதையின் ஏதாவது பகுதியின் முதல் வடிவத்தை ஏஐ எழுதியதா? பிறமொழிக் கதையென்றால் மொழிபெயர்ப்பை ஏஐ செய்ததா? பதிலைக் கதையோடு சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். ஒருவர் ஆமாம் என்றால், சேர்ப்பதா வேண்டாமா என்பது தொகுப்பாளராக உங்கள் முடிவு. சேர்த்தால் படிவத்தில் "சில பகுதிகள்", உள்ளே அந்தக் கதையின் அடியில் ஒரு வரி. மற்ற பதினொரு பேரின் பெயரையும் அந்த வரி காப்பாற்றும்.

ஏற்கனவே இல்லைன்னு போட்டு வெளியிட்டுட்டேன். இப்பதான் தப்புன்னு புரியுது. என்ன செய்ய?

உங்கள் புத்தக அடுக்கில் அந்த நூலுக்கு எதிரே உள்ள திருத்தும் வழியாக உள்ளடக்கப் பக்கத்துக்குப் போங்கள். அதே கேள்வி அங்கே இருக்கும். பதிலை மாற்றி, மூன்று பட்டியல்களையும் நிரப்பி, சேமித்து, விலைப் பக்கம் வரை போய் மறுபடி வெளியிடுங்கள். சேமித்துவிட்டு வெளியிடாமல் வந்துவிட்டால் மாற்றம் போய்ச் சேராது. மின்னூலும் அச்சு நூலும் தனித்தனிப் பதிவுகள் என்பதால் இரண்டிலும் மாற்றுங்கள். உரிமைப் பக்கத்தில் வரி சேர்ப்பதாக இருந்தால் அதே சமயத்தில் புதிய கோப்பையும் ஏற்றிவிடலாம். மறுபரிசீலனை முடியும் வரை பழைய பதிப்பு விற்பனையில் இருக்கும்.